அரியர் பாஸ் ஆன பிறகு சிஜிபிஏ குறைந்தது ஏன்?

சார், உங்கள் மகள் இரண்டாம் செமஸ்டர் கணிதத் தாளை இந்த முறை பாஸ் பண்ணிவிட்டாள், ஆனால் 8.00 இருந்த சிஜிபிஏ 7.88 ஆகிவிட்டது, கணக்கில் தப்பு நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். தப்பு இல்லை. இதே பயத்தோடு ஒவ்வொரு ரிசல்ட் சமயத்திலும் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவள் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பொறியியல் கல்லூரியில். அங்கே பாஸ் ஆகாத தாள் சிஜிபிஏ கணக்குக்குள்ளேயே வராது. பூஜ்யம் என்றுகூட சேர்க்க மாட்டார்கள், அந்தத் தாளின் கிரெடிட்டையும் சேர்க்க மாட்டார்கள், அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய மார்க் ஷீட்படி மூன்று செமஸ்டருக்கும் சேர்த்து 66 கிரெடிட். அதில் கணிதம் 4. ஆக, முதலில் கணக்கில் இருந்தது 62 கிரெடிட்தான். ஒவ்வொரு தாளின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய புள்ளியால் பெருக்கிக் கூட்டினால் 496 வருகிறது. இப்போது அரியர் தாளில் பி கிரேடு, அதாவது 6 புள்ளி.

```
முன்பு:   496 / 62 = 8.00
இப்போது: (496 + 4×6) / (62 + 4) = 520 / 66 = 7.88
```

பார்த்தீர்களா, முன்பு இருந்த 8.00 பாஸ் ஆன தாள்களுக்கு மட்டுமான சராசரி. அதைவிடக் குறைந்த புள்ளியில் ஒரு தாள் உள்ளே வந்தால் சராசரி இறங்கத்தான் செய்யும். அவள் ஏ கிரேடு, 8 புள்ளி வாங்கியிருந்தால் எண் அசைந்திருக்காது, ஏ பிளஸ் வாங்கியிருந்தால் ஏறியிருக்கும்.

உங்கள் அண்ணன் மகனுக்கு அரியர் முடித்ததும் சிஜிபிஏ ஏறியது என்றீர்களே, அதுவும் உண்மையாக இருக்கும். எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படி ஒதுக்கி வைப்பதில்லை. யுஜிசி தந்த பத்துப் புள்ளி அட்டவணையில் எஃப் கிரேடுக்கு 0 புள்ளி, அதைப் பின்பற்றும் இடங்களில் பூஜ்யத்தோடு அந்தத் தாளின் கிரெடிட்டும் வகுக்கும் எண்ணில் சேரும். அந்த முறையில் உங்கள் மகளுக்கு முன்பு 496-ஐ 66-ஆல் வகுத்து 7.52 என்று காட்டியிருப்பார்கள், இப்போது 7.88 ஆகியிருக்கும், நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். எந்த முறையாக இருந்தாலும் பாஸ் ஆன பிறகு வந்து நிற்பது அதே 7.88தான், அரியர் நிலுவையில் இருந்தபோது காட்டிய எண் மட்டும்தான் வேறு.

சரி, இந்த 0.12 இழப்பு கடைசிவரை இப்படியே நிற்குமா? நிற்காது. நான்கு வருடத்துக்கும் சேர்த்து 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஒரு 4 கிரெடிட் தாளில் 6 வாங்குவதற்கும் 10 வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் 16-ஐ 160-ஆல் வகுத்தால் வருவது, வெறும் 0.10. இதற்காக அவளைத் திட்டாதீர்கள். வேலைக்கு வரும் பல நிறுவனங்கள் முதலில் பார்ப்பது நிலுவையில் அரியர் இருக்கிறதா என்பதைத்தான், அரியரோடு இருக்கும் 8.00-ஐவிட அரியர் இல்லாத 7.88 அவளுக்கு எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் திரும்பி வராது: டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு வேண்டுமென்றால் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும், இனி சிஜிபிஏ 9 வந்தாலும் அது கிடைக்காது. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி வருடத்தில் தெரிந்துகொண்டு அழ வேண்டாம்.

நீங்களே ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள், மனசு ஆறும். மூன்று செமஸ்டர் ஜிபிஏ-வையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள், செமஸ்டருக்குச் செமஸ்டர் கிரெடிட் வேறு என்பதால் அது தப்பான விடையைத் தரும். தாள் தாளாகப் போடுங்கள். கணிதத் தாள் பழைய மார்க் ஷீட்டில் ஒரு தரம், புதியதில் ஒரு தரம் என்று இரண்டு இடத்தில் கண்ணில் படும், அதை ஒரே தரம்தான், பாஸ் ஆன புள்ளியோடு எடுக்க வேண்டும். உங்களுக்கு 7.43 வந்தால் 520-ஐ 70-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அதாவது அந்த 4 கிரெடிட்டை இரண்டு முறை சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சரியாகப் போட்டும் 7.88 வராவிட்டால் கல்லூரித் தேர்வுப் பிரிவில் மார்க் ஷீட் நகல்களோடு எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.