லாரியின் இடப்பக்கம் போகலாமா? பிளைண்ட் ஸ்பாட் பற்றி வாசகர் கேள்விகள்

பிளைண்ட் ஸ்பாட் என்றால் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடம். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, திரும்பப்போகும் லாரி அல்லது பஸ்ஸின் இடப்பக்கத்தைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கானவை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்பு சிக்னலில் லாரி நிற்கிறது. அதன் இடப்பக்கம் சைக்கிள் தாராளமாகப் போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. அந்த வழியாக முன்னால் போய் நிற்கலாமா?

வேண்டாம். அந்த இடைவெளி பெரும்பாலும் லாரி இடப்பக்கம் திரும்புவதற்காக விட்டுவைத்த இடம். நீளமான வண்டி இறுக்கமான முனையில் திரும்ப வேண்டுமென்றால், ஓட்டுநர் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பின்னால் இருந்து பார்ப்பவருக்கு அது வழிவிட்டதைப் போலவோ, நேராகப் போகப்போவதைப் போலவோ தெரியும்.

அங்கே போய்விட்டால் அவருக்கு நம்மைத் தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடக்கதவு ஜன்னலின் கீழ்விளிம்பு 1.8 மீட்டர் உயரத்தில், அவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது அவருடைய பார்வைக்கோடு 2 மீட்டர் தூரத்துக்கு 70 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. சைக்கிளில் இருப்பவரின் தலை 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், கதவிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் தள்ளிப் போனால்தான் உச்சந்தலையே அவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் இருப்பவரை நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடிதான் காட்ட வேண்டும். கண்ணாடிகளோ பல. அவர் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும், சிக்னல் மாறியதும் எதிரே நடப்பவர்களையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பின்சக்கரம். திரும்பும்போது அது முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர் இடைவெளி உள்ள லாரி ஒன்று, முன் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரத்தில் போகும்படி திரும்புகிறது என்று வையுங்கள். திருப்பம் முழுமையானதும் பின் அச்சின் நடுப்புள்ளி 8 மீட்டர் ஆரத்தில்தான் வரும். முன்பக்கம் போன வழியைவிட 2 மீட்டர் உள்ளே! ஓரத்தில் நிற்பவருக்கு முன்சக்கரம் தள்ளியே போனதைப் பார்த்ததும் ஆபத்து போய்விட்டதாகத் தோன்றும். அதற்குப் பிறகுதான் லாரியின் பக்கவாட்டு அவரை நெருங்கி வரும். இந்த வகை விபத்துகளில் பலர் பின்சக்கரத்தில் சிக்குவதற்குக் காரணம் இதுதான்.

சரி, எங்கே நிற்பது? லாரிக்குப் பின்னால், லேனின் நடுவில், குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஏற்றமாக இருந்தால் லாரி பின்னால் உருளலாம், இன்னும் தள்ளி நில்லுங்கள். பச்சை விழுந்ததும் அது போகட்டும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்த பிறகு நீங்கள் கிளம்புங்கள். இண்டிகேட்டர் போடவில்லையே என்று நினைத்து உள்ளே நுழையாதீர்கள். சிலர் கிளம்பும்போதுதான் போடுகிறார்கள்.

கேள்வி: நான்தான் முதலில் ஓரமாக நின்றேன். லாரி பிறகு வந்து ஒட்டி நின்றது. அப்போது என்ன செய்வது?

இங்கே தப்பு உங்களுடையது அல்ல, ஆனால் நிற்கும் இடம் அதே இடம்தான். சிக்னல் இன்னும் சிவப்பாக இருந்தால், நிறுத்தக் கோட்டைத் தாண்டாமல் லாரியின் முன்பக்கத்தைவிட நன்றாக முன்னால் போக முடியுமா என்று பாருங்கள். பம்பரை ஒட்டி நிற்கக் கூடாது. உயரமான கேபினின் மூக்குக்கு நேர் கீழே இருப்பவரும் தெரியமாட்டார். சில மீட்டர் முன்னால் போய், திரும்பி ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவரும் உங்களைப் பார்த்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்கு இடமில்லையா? சைக்கிளை விட்டு இறங்கி நடைபாதை மேல் ஏறிவிடுங்கள். லாரி அதற்குள் நகரத் தொடங்கி, அதன் பக்கவாட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே இடம் குறுகுவது தெரிந்தால், முந்திவிடலாம் என்று மிதிக்கவே கூடாது. முன்னே போகப்போக இடம் இன்னும் குறுகும். பிரேக் பிடித்துப் பின்தங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடைபாதைக்குத் தாவுங்கள்.

கேள்வி: "கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிந்தால் அவருக்கும் நம்மைத் தெரியும்" என்கிறார்களே. பைக் ஓட்டும்போது இதை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். முகம் தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணாடி வழியாக அவருக்கு உங்களைத் தெரியாது, இது உறுதி. முகம் தெரிந்தால் அவர் உங்களைப் பார்க்க *முடியும்*, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் பின்னால் எங்கே வருவது என்று முடிவு செய்ய இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போகலாமா என்று முடிவு செய்ய இது போதாது.

கேள்வி: புதிய லாரிகளில் கேமரா, சென்சார் எல்லாம் இருக்கிறதே?

நல்ல விஷயம்தான். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கேபினிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் தருகிறார்கள். 2024 அக்டோபர் முதல் குறைந்தது 3 நட்சத்திரம் வேண்டும், இல்லையென்றால் சென்சார் போன்ற கூடுதல் கருவிகள் பொருத்தியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் பக்கத்தில் நிற்கும் லாரியில் என்ன இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பது வெளியே இருந்து தெரியாது. எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் காரில் போகும்போது லாரியை எப்படிக் கடப்பது?

வலப்பக்கமாக, தயங்காமல். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 65-ல் கடக்கிறீர்கள் என்றால் வித்தியாசம் நொடிக்கு 1.4 மீட்டர்தான். பின்னாலும் முன்னாலும் விடும் இடைவெளியைச் சேர்த்து 56 மீட்டர் கடக்க வேண்டியிருந்தால் 40 நொடி ஆகும். 80-ல் போனால் 10 நொடி. வேக வரம்புக்குள் அந்த வித்தியாசம் கிடைக்காவிட்டால் பின்னாலேயே இருங்கள், பாதியில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். கடந்த பிறகு, உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்து, கொஞ்சம் இடமும் விட்ட பிறகுதான் அதன் லேனுக்குள் வர வேண்டும்.

ட்ரெய்லர் என்றால் இன்னொன்று. அது இடப்பக்கம் திரும்பும்போது கேபின் மடங்குவதால், வலக்கண்ணாடியில் ட்ரெய்லரின் வலப்பக்கமே தெரியாது. திருப்பத்தில் வலப்பக்கமாக முந்துபவர் ஓட்டுநரின் பார்வையில் இல்லவே இல்லை.

கேள்வி: பஸ்ஸுக்கும் இதே கணக்குதானா?

பின்சக்கரக் கணக்கு அதேதான். கூடவே வால் வீச்சு ஒன்று உண்டு. பஸ்ஸின் பின்பகுதி பின்சக்கரத்தைத் தாண்டி 3 மீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும். பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அந்த வால் வலப்பக்கமாக வெளியே வரும். மேலே சொன்ன திருப்பத்தில் அது சுமார் அரை மீட்டர். வலப்பக்கம் ஒட்டி நிற்கும் பைக்கின் ஹேண்டிலைத் தட்ட அது போதும். நிறுத்தத்திலிருந்து பஸ் வலப்பக்கம் வெட்டிக் கிளம்பும்போது வால் நடைபாதைப் பக்கம் வீசும். அதனால் நின்ற பஸ்ஸைக் கடப்பவர்கள் ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளிப் போங்கள். நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள், பஸ் கிளம்பி முழுவதும் விலகும்வரை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது பின்னால் நில்லுங்கள்.