கவர் லெட்டரில் பெயரை மாற்றினால் எஸ்ஓபி ஆகிவிடுமா?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்து, மின்வாகன பேட்டரிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனர்ஜி எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறேன். இந்த வேலையை வாங்கித் தந்த கவர் லெட்டரையே கொஞ்சம் நீட்டி, கம்பெனி பெயர் இருந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, எதற்காகப் படிக்க வருகிறேன் என்று சொல்லும் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், அதாவது எஸ்ஓபியாக வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த சீனியர், "இது எஸ்ஓபியே இல்லை" என்கிறார். இரண்டும் நம்மைப் பற்றி நாமே சொல்வதுதானே? இன்னொன்று, ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் எனக்கு ஒரு அரியர் இருந்தது. அதை எழுத வேண்டுமா?

பதில்: உங்கள் சீனியர் சொல்வது சரிதான். நீங்கள் இணைத்து அனுப்பிய கடிதத்தில் மொழிக் குறை எதுவும் இல்லை. அதைப் படிக்கப்போகிறவர் யார் என்பதில்தான் கோளாறு.

கவர் லெட்டரைப் படிப்பவரிடம் ஒரு காலியிடம் இருக்கிறது. வந்த வேகத்தில் வேலையைக் கையில் எடுக்கும் ஆள் அவருக்குத் தேவை. அதனால் "இது எனக்குத் தெரியும், செய்து காட்டியிருக்கிறேன்" என்று எழுதுகிறோம். தெரியாததைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எஸ்ஓபியைப் படிப்பவர் பெரும்பாலும் அந்தத் துறையின் பேராசிரியர். இவரால் எங்கள் பாடங்களைச் சமாளிக்க முடியுமா, கையில் வேலை இருக்கும்போது எதற்காகப் படிக்க வருகிறார் என்ற இரண்டு கேள்விகளோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு "எல்லாம் எனக்கு அத்துப்படி" என்ற பதிலைவிட மோசமானது எதுவும் இல்லை. அத்துப்படி என்றால் வேலையிலேயே இருக்க வேண்டியதுதானே?

உங்கள் இரண்டாம் பத்தியையே எடுத்துக்கொள்வோம். "பேட்டரி பேக் வெப்பச் சோதனைகளை வடிவமைத்து நடத்தினேன். நால்வர் குழுவை வழிநடத்தி, சோதனை நேரத்தை 30 சதவீதம் குறைத்தேன். வேகச் சார்ஜிங்கின்போது சென்சார் அளவீடுகளில் இருந்த முரண்பாட்டைக் கண்டறிந்து தீர்த்தேன்." எச்.ஆர். அதிகாரிக்கு அந்த 30 சதவீதம் கண்ணில் படும். பேராசிரியர் அதை ரெஸ்யூமேயிலேயே பார்த்திருப்பார். அவர் நின்று படிக்கக்கூடியது மூன்றாவது வாக்கியம். அதைத்தான் நீங்கள் பேசவிடாமல் ஒரே வரியில் மூடிவிட்டீர்கள்.

அங்கே என்ன நடந்தது என்பது எனக்குத் தனியாக எழுதிய குறிப்பில் இருக்கிறது. சென்சார், செல்லின் வெளிக் கூட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே சுருட்டி வைத்த அடுக்குகள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெப்பத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது நடுப்பகுதி சூடாகிவிடும், வெளிக்கூடு அவ்வளவாகக் காட்டாது. உங்கள் குழு, வெளியே அளந்த வெப்பநிலையோடு நிரந்தரமாகச் சில டிகிரிகளைக் கூட்டிக்கொண்டு வேலையை முடித்தது. குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கிய சோதனைகளில் அந்தக் கணக்கு உதைத்தது. செல் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக் கணக்கிடும் எளிய மாடல் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும் என்பதால், அதற்கு மேல் போக முடியவில்லை. உங்கள் எஸ்ஓபி இதுதான் ஐயா! இப்படி எழுதிப் பாருங்கள்:

"வேகச் சார்ஜிங் சோதனைகளில், செல்லின் மேற்பரப்பில் அளந்த வெப்பநிலை உட்புற வெப்பநிலையைச் சரியாகக் காட்டவில்லை. நாங்கள் சேர்த்த நிலையான திருத்தம், தொடக்க வெப்பநிலை மாறியதும் பொய்த்தது. ஒரே வெப்பநிலை மாடலை வைத்து நான் முயன்றபோது, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை அதனால் காட்டவே இயலாது என்று புரிந்தது. மின்னோட்டம், மின்னழுத்தம், மேற்பரப்பு வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து உட்புற வெப்பநிலையை மதிப்பிட, செல்லுக்குள் வெப்பம் உருவாகும் மின்வேதியியலும் நிலை மதிப்பீட்டு முறைகளும் எனக்குத் தேவை. என் இளநிலைப் படிப்பில் இவை இரண்டும் இல்லை."

இங்கே நீங்கள் செய்த வேலையும் தெரிகிறது, அது எங்கே முட்டி நின்றது என்பதும் தெரிகிறது. "எனக்குத் தன்னம்பிக்கை குறைவு" போன்ற பொதுவான குறையைச் சொல்வது வேறு, இது வேறு. ஒரு வேலையை அதன் எல்லைவரை கொண்டுபோனவருக்குத்தான் இந்தக் குறை தென்படும். பாடத்திட்டத்தில் உள்ள எந்தப் பாடம் உங்களுக்கு எதற்கு என்பதும் இதிலிருந்தே தானாக வந்துவிடும்.

அதனால், "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்" பத்தியில் "உலகத் தரம்", "புகழ்பெற்ற ஆசிரியர்கள்" போன்றவற்றை அடித்துவிடுங்கள். தங்கள் தரவரிசை அவர்களுக்கே தெரியும். தீசிஸ் எழுத வேண்டிய படிப்பு என்றால், இந்தப் பிரச்சினைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஓரிரு ஆய்வுக் குழுக்களைச் சொல்லுங்கள். சமீபத்தில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரே பேராசிரியரை மட்டும் நம்பி எழுதினால், அவர் அந்த ஆண்டு மாணவர்களை எடுக்காதபோது விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கும். பாடங்கள் மட்டுமே உள்ள படிப்பில் பேராசிரியர் பெயர்களை அடுக்குவதால் பெரிய பயன் இல்லை. அங்கே பாடங்களையும் ஆய்வகத்தையும் பேசுங்கள். எழுதி முடித்ததும், பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் அந்தப் பத்தி இன்னும் வேலை கேட்கிறது.

படிப்புக்குப் பிறகு என்ன என்பதும் இங்கே முக்கியம். "உங்கள் நிறுவனத்தோடு நெடுங்காலம் வளர விரும்புகிறேன்" என்ற கவர் லெட்டர் வாக்கியத்துக்கு இங்கே வேலை இல்லை. பேட்டரி மேலாண்மை மென்பொருள் எழுதும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், அதுவே போதும். உலகின் எரிசக்திப் பிரச்சினையைத் தீர்ப்பதை விட்டுவிடுங்கள்.

நீளம் ஒரு பெரிய விஷயமில்லை. கவர் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எஸ்ஓபி பொதுவாக ஒன்று அல்லது இரண்டு பக்கம் போகும். விண்ணப்பத்தில் வார்த்தை வரம்போ தனிக் கேள்விகளோ இருந்தால் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை. இதையே மோட்டிவேஷன் லெட்டர் என்று கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பெயரில் 'லெட்டர்' இருக்கிறதே என்று மறுபடி பழைய கடிதத்தைத் தூசி தட்ட வேண்டாம். அப்புறம், கம்பெனியின் உள் அளவீடுகளையோ வாடிக்கையாளர் பெயரையோ எழுதாதீர்கள். மேலே உள்ள பத்தியில் ஓர் எண்கூட இல்லாததைக் கவனித்திருப்பீர்கள்.

அரியர் விஷயத்துக்கு வருகிறேன். கவர் லெட்டரில் அதைத் தொடவே தேவையில்லை. இங்கே மதிப்பெண் பட்டியல் அவர்கள் மேஜையில் இருக்கும். வேறு பாடமாக இருந்தால் விட்டுவிடலாம் என்பேன். நீங்கள் கேட்டுப் போவதே வெப்பம் சார்ந்த பிரச்சினை, தவறியதும் ஹீட் டிரான்ஸ்ஃபர். பார்க்கிறவர் கண்டிப்பாகக் கவனிப்பார். ஆகவே ஒரே வாக்கியம்: முதல் முறை தேறவில்லை, மறுமுறை தேறினேன், பிறகு அதே பாடத்தை நாள்தோறும் வேலையில் பயன்படுத்தினேன். காரணம், வருத்தம், குடும்பச் சூழல் எதுவும் வேண்டாம். மேலே சொன்ன பேட்டரிப் பத்திக்கு அடுத்தபடியாக அதை வையுங்கள். அந்தப் பாடம் உங்களுக்கு இப்போது எவ்வளவு வருகிறது என்பதை அதற்குள் அவர் படித்திருப்பார்.