சிஸ்பிளாட்டின்: சலைன் எதைக் காக்கும், எதைக் காக்காது?

"டாக்டர், என் அப்பாவுக்கு 58 வயது. தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷனுடன் சேர்த்து மூன்று வாரங்களுக்கு ஒரு முறை சிஸ்பிளாட்டின் போடுகிறார்கள். முதல் டோஸுக்கு முன் எடை 54 கிலோ, கிரியாட்டினின் 0.9. இப்போது எடை 51, கிரியாட்டினின் 1.3. லேப் ரிப்போர்ட்டில் 1.3 வரை நார்மல் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது டோஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள். காதில் ரீங்காரம் கேட்பதாகவும் சொல்கிறார். நிறையத் தண்ணீர் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?"

டோஸைத் தள்ளி வைத்தது சரியான முடிவு. நீர்ச்சத்தைச் சரிசெய்தால் சிறுநீரகம் ஓரளவோ முழுமையாகவோ மீள வாய்ப்பிருக்கிறது. காதுக்கு அது உதவாது. ஆகவே ரீங்காரத்தைத் தனியாக, இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் நார்மல் வரம்பு பொதுவாக எல்லோருக்குமானது. சிஸ்பிளாட்டினுக்கு முன் நாங்கள் பார்ப்பது, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்ற கணக்கை. ஆண்களுக்கு 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் தந்தைக்கு முதல் டோஸுக்கு முன் இது ஏறக்குறைய 68 ஆக இருந்தது, இப்போது 45தான். முழு அளவு சிஸ்பிளாட்டினுக்குப் பெரும்பாலான மருத்துவமனைகள் 50 அல்லது 60 இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. எடையோடு தசையும் குறைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைந்துவிடும் என்பதால், உண்மையான பாதிப்பு இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

சிஸ்பிளாட்டின் பெருமளவு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. அப்போது சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்வதால், இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அங்கே சேர்ந்து, அந்தச் செல்களைச் சேதப்படுத்துகிறது. 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் சோதித்தபோது சிறுநீரகப் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்ததால், மருந்தையே கைவிட வேண்டிய நிலை இருந்தது. நரம்பு வழியே நிறையத் திரவம் ஏற்றிச் சிறுநீரை வேகமாக ஓடவைத்தால், மருந்து நுண்குழாய்களில் செறிவாகத் தங்கும் நேரம் குறைகிறது என்று கண்ட பிறகே அது பயன்பாட்டில் நிலைத்தது. 1978இல் அமெரிக்காவில் அங்கீகாரமும் பெற்றது.

மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறுவதன் காரணம் இதுதான். முறை இடத்துக்கு இடம் சற்று மாறினாலும், முழு டோஸ் நாளில் மொத்தம் இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை ஏற்றுவது வழக்கம். குளுக்கோஸ் மட்டும் ஏற்றாமல் சலைனைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு: அதிலுள்ள குளோரைடு, மருந்தின் மூலக்கூறு செல்லுக்கு வெளியே வினைபுரியத் தொடங்காதபடி தடுத்து வைக்கிறது. பாட்டிலில் மெக்னீசியம் சல்ஃபேட்டும் சேர்ப்பார்கள். பழுதான நுண்குழாய்கள் மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அது குறைந்தால் சிறுநீரகப் பாதிப்பு கூடுவதோடு, கால் தசை இழுப்பும் படபடப்பும் வரலாம். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லையென்றால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு இத்தனை திரவம் மூச்சுத்திணறலைக் கொண்டுவரக்கூடும். அவர்களுக்கு அளவைக் குறைத்தோ வேறு மருந்தைத் தேர்ந்தோ சிகிச்சை தர வேண்டியிருக்கும்.

என் அனுபவத்தில், தவறு பெரும்பாலும் நடப்பது மருத்துவமனையில் அல்ல. வீட்டுக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. சிஸ்பிளாட்டினின் தாமதமான குமட்டல் வருவது அந்த நாட்களில்தான். ரேடியேஷனால் வாயும் தொண்டையும் புண்ணாகியிருப்பவருக்கு ஒரு டம்ளர் கஞ்சிகூட இறங்காது. ஏறிய சலைன் முதல் நாளோடு வெளியேறிவிட, காயம்பட்ட சிறுநீரகம் வறட்சியையும் சேர்த்துச் சுமக்கிறது. உங்கள் தந்தையின் மூன்று கிலோ இழப்பில் இதற்குப் பங்கு இருக்கும் என்றே கருதுகிறேன். எவ்வளவு வறட்சி, எவ்வளவு செல் சேதம் என்பதை அறிய எளிய வழி, ஓரிரு நாள் சலைன் ஏற்றிவிட்டு மீண்டும் கிரியாட்டினின் பார்ப்பதுதான். 1.0க்கு அருகே இறங்கினால் வறட்சியே முக்கியக் காரணம். அசையாமல் நின்றால் நுண்குழாய்களே சேதமடைந்திருக்கக்கூடும்.

மருந்து ஏறிய பிறகு குறைந்தது மூன்று நாட்களாவது, இதயக் கோளாறு இல்லையென்றால், நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். வாந்தி இல்லாவிட்டாலும் எழுதிக் கொடுத்த வாந்தி மாத்திரைகளை நாள் தவறாமல் கொடுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளானாலோ, குடித்த தண்ணீர் தங்காவிட்டாலோ அடுத்த ரிவியூ வரை காத்திருக்காமல் சலைன் ஏற்ற அழைத்துச் செல்லுங்கள். விழுங்கவே முடியவில்லையென்றால் மூக்கு வழி உணவுக்குழாய் பற்றிப் பேச வேண்டும். பலர் இதைத் தோல்வியாக நினைத்துத் தள்ளிப்போடும் நாட்களில்தான் சிறுநீரகம் கெடுகிறது. கிரியாட்டினின் கூடியிருக்கும்போது, பொட்டாசியம் அளவு தெரியாமல் இளநீர் தர வேண்டாம். தொண்டை வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

இனி காது. உட்செவியில் ஒலியை உணரும் உரோமச் செல்களை இந்த மருந்து அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உட்செவியில் நுழைந்த பிளாட்டினம் பல மாதங்கள், ஆண்டுகள்கூட அங்கேயே தங்குகிறது. சலைன் அதைக் கழுவி எடுக்காது. முதலில் போவது உச்ச அதிர்வெண் ஒலிகள் என்பதால், பேச்சு நன்றாகக் கேட்கும். குக்கர் விசிலோ மொபைலின் மெல்லிய மணியோ எட்டாது. ரீங்காரம் பல நேரம் அதற்கும் முந்திய அறிகுறி. அடுத்த டோஸுக்கு முன்பே, 8000 ஹெர்ட்ஸ் வரையும், வசதியிருந்தால் அதற்கு மேலும், ஆடியோமெட்ரி எடுத்து, தொடக்கத்தில் எடுத்த பரிசோதனை இருந்தால் அதனுடன் ஒப்பிட வேண்டும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள் காதையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுப்பவை; காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனால் சிஸ்பிளாட்டின் போட்டிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பரவாத கட்டிகளில், மருந்து முடிந்த ஆறு மணி நேரத்துக்குப் பின் சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்துக் கேள்வித்திறனைக் காக்கும் முறை இருக்கிறது. உங்கள் தந்தையின் சிகிச்சையில் அது வழக்கமல்ல.

நரம்புப் பாதிப்பு பொதுவாக மொத்த அளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராமை நெருங்கும்போது தெரியும்: கால் விரல்களில் தொடங்கும் மரத்துப்போதல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம், சட்டைப் பொத்தானைத் தடவிப் போட முடியாமை. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் இது கூடிக்கொண்டே போகலாம். அதனால் லேசாக இருக்கும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ஒரு டோஸ் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் மூன்று முறை என்பதே முழுத்திட்டம். ரேடியேஷனுடன் மொத்தம் 200ஐ எட்டினாலே பலன் பெருமளவு கிடைப்பதாகக் கருதப்படுகிறது. ஆகவே கணக்கு 50ஐத் தாண்டி மீண்டு, ஆடியோமெட்ரியும் மோசமில்லையென்றால், வாரம் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் என்று பிரித்துத் தரலாமா எனக் கேளுங்கள். இரண்டில் ஒன்று சரியில்லையென்றாலும் கார்போபிளாட்டின் போன்ற மாற்று மருந்து உண்டு. மருந்து தள்ளிப்போகும் இந்த நாட்களில் ரேடியேஷனை மட்டும், மருத்துவரே சொன்னாலன்றி, ஒரு நாள்கூட விடாதீர்கள்.