பட்டன் போனுக்கு சாட்பாட் செய்வது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: ஒரு எஸ்எம்எஸ்சில் 160 எழுத்து என்றுதானே சொல்கிறார்கள்? எங்கள் தடுப்பூசி பாட் அனுப்பும் ஒரே கேள்விக்கு மூன்று எஸ்எம்எஸ் கணக்கு வருகிறது. எஸ்எம்எஸ்களை நமக்காக அனுப்பித் தரும் கேட்வேக்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை, அவர் கணக்கு சரி. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் அதில் 160 அடங்குகிறது. தமிழ் யூனிகோடில் போவதால் 70தான். அதையும் தாண்டினால் பாகங்களை ஒட்டும் தகவலுக்கும் இடம் போய், பாகத்துக்கு 67தான் மிஞ்சும்.

நாம் ஓர் எழுத்து என்று நினைப்பதும் அங்கே ஒன்று அல்ல. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘திங்கள்’ நம் கண்ணுக்கு நான்கெழுத்து, அங்கே ஏழு. நீங்கள் அனுப்பியிருந்தது இது:

```
வணக்கம்! உங்கள் குழந்தைக்கு தடுப்பூசி போட எந்த நாளில் வருகிறீர்கள்? தயவுசெய்து கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யவும்:
1 திங்கள்
2 புதன்
3 வெள்ளி
```

மொத்தம் 148. இரண்டு பாகத்தில் 134தான் அடங்கும், அதனால் மூன்றாவது பாகம். காசைவிடப் பெரிய தொல்லை வேறு: சிக்னல் மோசமான இடத்தில் ஒரு பாகம் மட்டும் வராமல் நின்றால், பல போன்கள் மீதியையும் காட்டாமல் காத்திருக்கும். இப்படி மாற்றுங்கள்:

```
தடுப்பூசி எந்த நாள்?
41 திங்கள்
42 புதன்
43 வெள்ளி
40 வேறு நாள்
```

இது 63, ஒரே எஸ்எம்எஸ். வணக்கமும் தயவுசெய்தும் போனதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 41, 42 என்று ஏன் போட்டேன் என்பதைக் கீழே இன்னொருவர் கேள்வியில் சொல்கிறேன். எண்ணிப் பார்க்க, செய்தியை text என்பதில் வைத்துக்கொண்டு பைத்தானில்:

```
import unicodedata
t = unicodedata.normalize("NFC", text)
print(len(t.encode("utf-16-be")) // 2)
```

நடுவில் உள்ள வரியை விட்டுவிடாதீர்கள். சில கீபோர்டுகள் ‘போ’வின் குறியை இரண்டு துண்டாகத் தட்டுகின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எண்ணிக்கை மட்டும் கூடும். அனுப்பும்போதும் text அல்ல, இந்த t-யையே அனுப்புங்கள்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? யூஎஸ்எஸ்டி, அதாவது நட்சத்திரமும் ஹேஷும் சேர்ந்த எண்ணை டயல் செய்து திரையில் மெனு பார்க்கும் முறை, போட்டால் டேட்டாவே வேண்டாம், பதிலும் உடனே வரும். எஸ்எம்எஸ் பழைய சமாசாரம்.

பாதி சரி. சிக்னல் நிலையாக இருந்தால் யூஎஸ்எஸ்டி வேகமானது. ஆனால் அது நேரலை இணைப்பு. மூன்றாவது திரையில் சிக்னல் போனாலும், பயனர் யோசிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாலும் அமர்வு அறுந்துவிடும். போனில் திரும்பப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. எஸ்எம்எஸ் அப்படியில்லை, போன் அணைந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் காத்திருந்து பிறகு வந்து சேரும்.

யூஎஸ்எஸ்டிதான் வேண்டும் என்றால், ஒவ்வொரு திரைக்கும் பதிலைச் சேமித்து வையுங்கள். மறுபடி டயல் செய்தால் விட்ட இடத்தில் தொடர வேண்டும். தேதி உறுதியானதை மட்டும் எஸ்எம்எஸ்சில் அனுப்புங்கள்.

கேள்வி: ஒருவர் 1 என்று அனுப்பியிருக்கிறார். பாட் திங்கள் பதிந்தது சரி. ஆனால் ‘காலையா மாலையா’ என்று கேட்கும் முன்பே காலை என்றும் பதிந்துவிட்டது. லாகில் எங்கும் பிழை இல்லை. தலை சுற்றுகிறது.

உங்கள் லாகில் அந்த எண்ணிலிருந்து இரண்டு ‘1’ இருக்கும், பாருங்கள். அவர் அனுப்பினார், பதில் வரவில்லை, மறுபடி அனுப்பினார். அல்லது முதல் செய்தி போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வழியில் தொலைந்து, போனே இன்னொரு முறை அனுப்பியது. முதல் 1 திங்கள் ஆனது. அடுத்த கேள்வி அவரை எட்டுவதற்குள் இரண்டாவது 1 வந்து காலை ஆகிவிட்டது.

இதற்குத்தான் ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண்கள். நாளுக்கு 41, 42, 43. நேரத்துக்கு 51, 52. 41 எப்போது வந்தாலும், எத்தனை முறை வந்தாலும் அது திங்கள்தான். பயனர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று நம் பக்கம் ஊகிக்கவே வேண்டாம். ஓர் இலக்கம் கூடுதலாகத் தட்டுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஒரே செய்தி மறுபடி வருவதிலும் இரண்டு வகை உண்டு. செய்தி ஐடி ஒன்றாகவே இருந்தால் அது கேட்வே மறுபடி தள்ளியது, பேசாமல் விட்டுவிடுங்கள். ஐடி வேறு, உள்ளடக்கம் ஒன்று என்றால் நம் பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள் கொண்டு, அதே பதிலை மறுபடி அனுப்புங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று: ‘நாளை வாருங்கள்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அந்தச் செய்தி நாளை மறுநாள் போய்ச் சேரலாம். தேதியைப் போடுங்கள்.

கேள்வி: சார், என் போனில் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. எந்த செட்டிங்கை மாற்றினால் மிச்சமாகும்?

நாம் இங்கே பேசுவது பாட் செய்கிறவர்கள் பக்கம். உங்களுக்கு: செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று பார்த்து, பட்டியலில் முதலில் நிற்கும் ஆப்புக்குப் பின்னணி டேட்டாவை நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பயனர்களிடம் பிரவுசர் உள்ள சாதா போன் இருக்கிறது. அதில் சாட் பக்கம் வைத்திருக்கிறோம். செய்திகள் சின்னதுதான், ஆனாலும் டேட்டா தின்கிறது என்று திட்டுகிறார்கள்.

பக்கம் எத்தனை விநாடிக்கு ஒரு தடவை சர்வரிடம் ‘புதிதாக ஏதாவது?’ என்று கேட்கிறது?

கேள்வி: மூன்று விநாடி.

அப்படியென்றால் மணிக்கு 1,200 தடவை. ஒவ்வொன்றுக்கும் ஹெடர் போக வர 700 பைட் என்று வைத்தாலும், யாரும் ஒரு வார்த்தை பேசாமலே மணிக்கு 840 கிலோபைட். செய்தி சின்னதாக இருந்து என்ன பயன்?

பயனர் ஏதாவது அனுப்பிய பிறகு மட்டும் கேளுங்கள். 2 விநாடி, 4, 8, 16 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு ‘புதிய பதில் பார்’ என்று ஒரு பட்டன் போதும். அழகுக்காகத் தமிழ் எழுத்துரு எதையும் டவுன்லோட் செய்ய வைக்காதீர்கள்.

கேள்வி: தமிழே தெரியாத போன்கள் இருக்கின்றன. கட்டம் கட்டமாகக் காட்டும். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்திலிருந்து தெரியாது, அவர்களையே சொல்ல வையுங்கள். முதல் செய்தி இது:

```
11 தமிழ்
12 Thamizh
```

கட்டம் தெரிகிறவர் 12 அழுத்துவார். அதற்குப் பிறகு அவருக்கு ஆங்கில எழுத்தில் தமிழ், 160 இடமும் கிடைக்கும். அதில் ஒரு எமோஜியோ வளைந்த மேற்கோள் குறியோ நுழைந்தால் முழுச் செய்தியும் மறுபடி 70க்கு இறங்கிவிடும். வேர்டிலிருந்து காப்பி செய்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: ஒரு வீட்டுக்கு ஒரே போன், இரண்டு குழந்தைகள். 41 வந்தால் யாருக்கு?

பெயரை முன்னால் சேர்க்கலாம். ‘கவின்: ’ என்று போட்டால் மேலே உள்ள 63 சரியாக 70 ஆகும், தப்பித்தோம். ‘தமிழ்ச்செல்வி: ’ என்றால் 78 ஆகிவிடும். ‘வேறு நாள்’ வரியை எடுத்தால் அடங்கும், ஆனால் அந்த மூன்று நாளும் ஒத்துவராதவருக்கு வழி அடைபடும். பெயரைச் சுருக்கலாம் என்றால் வீட்டில் இரண்டு செல்விகள் இருந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு குழந்தைக்கும் தனி எண் வரிசை, அதாவது மூத்ததற்கு 41, இளையதற்கு 61 என்று கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து குறைந்த குழப்பம். அதிலும் எந்த வரிசை யாருடையது என்பதைச் செய்தியில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வேறு நல்ல வழி யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.