வாளையும் வாழையும் ஒன்றாகக் கேட்டால்

"அக்கரைப்பற்றில் சிறுவர்களுக்காக உச்சரிப்பு வீடியோ எடுத்தேன். வலி, வளி, வழி என்று சொன்னால் கடைசி இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன என்கிறார்கள்."

மூன்றையும் சேர்த்துச் சொல்லாதீர்கள், சேர். முதலில் வாலை–வாளை, பிறகு தனியாக வாளை–வாழை. வாளை மீனும் வாழையும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை, 'வளி' அப்படியல்ல.

அன்றாடப் பேச்சில் பலர் ழகரத்தையும் ளகரமாகவே ஒலிப்பதுதான் காரணமாக இருக்கும். உங்கள் நாக்கையும் கவனியுங்கள். லகரத்தில் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்தில் பின்னே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்திலும் வளையும், ஆனால் எதையும் தொடாது. தொட்டுவிட்டால் அது ளகரம்தான்.

எழுத்தோ படமோ காட்டாமல் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். 'வாழைப் பழம்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒலியைக் கேட்காமலே பொருளை வைத்துச் சரியாக எழுதிவிடுவார்கள்.