ராத்திரி திரிபலா தண்ணி: இந்த வாரம் வந்த கேள்விகள்

கேள்வி: திரிபலாவை தினமும் பத்து நிமிஷம் கொதிக்க வச்சு வடிகட்டி குடிக்கிறேன் டாக்டர், ஒரு வாரமாச்சு, மோஷன் இன்னும் டைட்டாதான் போகுது. பொடி போலியா?

பொடி மேல சந்தேகப்படாதீங்க, நீங்க செய்ற விதத்தைத்தான் மாத்தணும். திரிபலால கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூணும் இருக்கு, இதுல குடலைத் தள்ளுற வேலை முக்கியமா கடுக்காயோடது. ஆனா அதே கடுக்காய்ல துவர்ப்பும் நிறைய இருக்கு, துவர்ப்புன்னா மலத்தைக் கட்டும். அதனாலதான் பழைய ஆயுர்வேத நூல்ல, அரைச்ச கடுக்காய் மலத்தை இளக்கும், வேக வச்சது கட்டும்னு பிரிச்சு சொல்லியிருக்காங்க. நீங்க கொதிக்க வச்சு துவர்ப்பைத் தண்ணில இறங்க விட்டுட்டு, மிச்ச சக்கையையும் வடிகட்டி தூக்கி போட்டுட்டீங்க.

இனிமே தட்டையா அரை டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கலந்து, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சு, அடியில தங்குற வண்டலோட குடிச்சிடுங்க. காலைல ஒரு தடவை சிரமம் இல்லாம போச்சுன்னா அளவு சரி, தண்ணியா போச்சுன்னா பாதியாக்குங்க. நாலு நாள் பார்த்தும் பத்தலைன்னா ஒரு டீஸ்பூன் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல வேண்டாம். இன்னொன்னு, வீட்டுல கடுக்காய் வாங்கி இடிக்கிறவங்க கொட்டையை எடுத்துட்டுதான் இடிக்கணும், கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு பாட்டி சொன்னது இதைத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயசு. சுகர் மாத்திரையும் பிபிக்கு தண்ணி மாத்திரையும் போடுறார். சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு ராத்திரி ரெண்டு டேபிள்ஸ்பூன் திரிபலா குடிக்கிறார், மூணு நாளா தினமும் அஞ்சாறு தடவை போறார், எழுந்தா தலை சுத்துதாம், கெண்டைக்கால் இழுக்குதாம்.

இன்னைக்கு ராத்திரியே திரிபலாவை நிறுத்துங்க. அளவே பல மடங்கு அதிகம், அதோட தண்ணி மாத்திரை ஒரு பக்கம் சிறுநீர்ல உப்பை இழுக்குது, பேதி இன்னொரு பக்கம் உப்பையும் பொட்டாசியத்தையும் வெளிய தள்ளுது, தலை சுத்தலும் கால் இழுப்பும் பெரும்பாலும் அதனாலதான். முதல்ல குளுகோமீட்டர்ல சுகர் பாருங்க. திரிபலா சுகரைக் கொஞ்சம் குறைக்கலாம், அவரும் பேதியால ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டார், ஆனா மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ள போயிருக்கும். 70-க்குக் கீழ இருந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கி குடிக்க வைங்க, பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாருங்க.

ஓஆர்எஸ் பாக்கெட்டை அதுல போட்டிருக்குற அளவு தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, அவருக்கு இதய, கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு கொடுங்க. மாத்திரைகளை நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா இன்னைக்கே அவரோட டாக்டருக்கு போன் பண்ணி விஷயத்தை சொல்லுங்க, எதை நிறுத்தணும்னு அவர் சொல்வார். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் டெஸ்ட்டும் எழுதுவார். உளறினாலோ, மயங்கினாலோ, யூரின் ரொம்ப குறைஞ்சாலோ போன் எல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: அஞ்சு மாச கர்ப்பம் டாக்டர், இரும்புச் சத்து மாத்திரையால மலச்சிக்கல். திரிபலா எடுக்கலாமா?

வேண்டாம்மா. கர்ப்பத்துல குடலைக் கிளறிவிடுற எதையும் நான் கொடுக்குறதில்ல, பால் கொடுக்கும்போதும் அப்படித்தான். உங்க டாக்டர்கிட்ட சொன்னா மலத்தை இளக்குற பாதுகாப்பான மருந்தா எழுதித் தருவாங்க.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. திரிபலா தண்ணியை இரும்புச் சட்டில வச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல மை மாதிரி கருத்துடும். துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்கும், அதான் காரணம், அந்தக் காலத்துல கடுக்காய்ல மையே காய்ச்சியிருக்காங்க. வயித்துலயும் அதேதான் நடக்கும், அப்ப மாத்திரை போட்டும் இரும்பு சரியா ஏறாது. அதனால கர்ப்பம் இல்லாதவங்களும் ரெண்டுக்கும் நடுவுல மூணு மணி நேரமாவது விடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, ஆபரேஷன் தேதி குறிச்சவங்க டாக்டர்கிட்ட கேட்காம தொடவே கூடாது.

கேள்வி: எடை குறையுமா?

போற மலத்தோட எடைதான் குறையும்!

கேள்வி: 52 வயசு. முன்னாடி எல்லாம் ஒழுங்கா போகும், ரெண்டு மாசமா மலச்சிக்கல், சில நாள் ரத்தமும் வருது. மூலம்னு நெனச்சு திரிபலா குடிக்கிறேன், கொஞ்சம் பரவாயில்ல.

பரவாயில்லைன்னு விட்டுடாதீங்க. இந்த வயசுல மலம் போற பழக்கம் திடீர்னு மாறி ரத்தமும் வந்தா, மூலமாவே இருந்தாலும் குடலை ஒரு தடவை உள்ள பார்த்துட்டுதான் அதை மூலம்னு சொல்லணும். திரிபலாவை நிறுத்திட்டு குடல் டாக்டரைப் பாருங்க, கொலோனோஸ்கோபி சொன்னா தள்ளிப் போடாதீங்க. போகும்போது ரத்தம் தனியா சொட்டுதா, மலத்தோட கலந்து வருதா, எடை குறைஞ்சிருக்கா, வீட்டுல யாருக்காவது குடல் புற்று இருந்துச்சா, இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.