காற்புள்ளியை மாற்றுவதற்கு முன்பே மாறிவிடும் எண்கள்

கேள்வி: "ஜேர்மனியில் இருந்து வரும் விலைப்பட்டியல்களில் 1.250,00 என்று எழுதுகிறார்கள். எக்செலில் ஒட்டியபின் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றிவிட்டால் போதுமா?"

போதாது. நீங்கள் மாற்றத் தொடங்கும் முன்பே எக்செல் சில எண்களை மாற்றி முடித்திருக்கும் என்பதே காரணம். உங்கள் கணினியும் எங்களுடையதைப் போல ஆங்கில அமைப்பில் இருக்கிறது என்று எண்ணியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நீர்ப்பம்பி உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். ஒருமுறை வந்த ஜேர்மன் விலைப்பட்டியலில் இரண்டு வரிகள் இப்படி இருந்தன: ரப்பர் வளையம் 1.250 எண்ணிக்கை, ஒன்று 0,18 யூரோ, தொகை 225,00. கிரீஸ் 3,500 கிலோ, கிலோ 18,40 யூரோ, தொகை 64,40. விலையிலும் தொகையிலும் தவறு வரக்கூடாது என்று அந்த இரண்டு நிரல்களையும் நானே பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். அளவு நிரலை மட்டும் அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். மொத்தத் தொகை சதம் பிசகாமல் ஒத்துப்போனதால் நிம்மதியாகக் கோப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் களஞ்சியத்தைப் பார்க்கும் அண்ணை இருப்புத் தாளோடு வந்து நின்றார். "தம்பி, மூண்டரைத் தொன் கிரீஸை எந்த லொறியிலை இறக்கினனீங்கள்? என்னட்டை ஒரு வாளிதான் கிடக்கு" என்றார். மூன்றரைக் கிலோ 3500 ஆகவும், ஆயிரத்து இருநூற்றைம்பது வளையங்கள் 1.25 ஆகவும் பதிவாகியிருந்தன. தொகையை அளவால் வகுத்து அடக்கவிலை போடும் எங்கள் தாளின்படி ஒரு வளையம் 180 யூரோ, ஒரு கிலோ கிரீஸ் இரண்டு சதத்திலும் குறைவு.

கவனமில்லாதவன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்த வகைப் பிழை கண்ணில் குத்தாது. 1.250,00 போன்ற எண்ணில் இரண்டு குறிகளும் இருப்பதால் எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும், கூட்டும்போதும் சேர்க்காது. அது நல்லது, ஏனெனில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரே ஒரு குறியும் அதன்பின் மூன்று இலக்கங்களும் உள்ள எண்தான் ஆபத்தானது. அது இரண்டு முறைகளிலும் செல்லுபடியாகும் என்பதால் எக்செல் எதுவும் கேட்காமல் தன் வழக்கப்படி எண்ணாக்கி, நேர்த்தியாக வலப்பக்கம் நிறுத்திவிடும். நிறையை மூன்று தசமதானங்களுக்கு எழுதும் விலைப்பட்டியல்களில் இது அடிக்கடி நேரும். 3,500 ஒருமுறை 3500 ஆகிவிட்டால் கலத்துக்குள் காற்புள்ளியே கிடையாது. பிறகு எதை மாற்றுவீர்கள்?

ஆகவே, ஒட்டுவதற்கு முன்னரே அந்த நிரல்களை எழுத்து வடிவத்துக்கு (Text) மாற்றிவிட்டு, வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். எல்லாம் இடப்பக்கம் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பக்கத்து நிரலில் இதை எழுதுங்கள்:

```
=NUMBERVALUE(B2,",",".")
```

முதலில் வருவது தசமக்குறி, அடுத்தது ஆயிரக்குறி. இப்போது 1.250 என்பது 1250 ஆகும், 3,500 என்பது 3.5 ஆகும். எழுத்து வடிவத்தை மறந்துவிட்டு இதைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும்: ஏற்கனவே 1.25 ஆகிவிட்ட கலத்தின் புள்ளியை ஆயிரக்குறி என்று நீக்கி 125 என்று தரும். அது சரியுமில்லை, பழைய பிழையுமில்லை.

அதன்பின் ஒவ்வொரு வரியிலும் அளவை விலையால் பெருக்கித் தொகையைக் கழிக்கிறேன். மாற்றிய அளவு D நிரலிலும் விலை E இலும் தொகை F இலும் இருந்தால்:

```
=ROUND(D2*E2,2)-F2
```

சுழியம் வராத வரியைக் கடதாசியோடு ஒப்பிடுகிறேன். கழிவு கொடுத்த வரிகளிலும் நூறு எண்ணிக்கைக்கு விலை குறித்த வரிகளிலும் சுழியம் வராது. அவற்றைப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். அன்று நான் மொத்தத்தை மட்டும் சரிபார்த்தேன். மொத்தம் அளவைத் தொடுவதே இல்லை.

கணினியின் பிராந்திய அமைப்பையே ஜேர்மனுக்கு மாற்றிவிடலாமே என்று யாராவது எழுதுவார்கள். அந்த நாட்டுக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அது சரி. எங்கள் கடையில் அதே கணினியில் ரூபாய்க் கணக்கும் எழுதுகிறோம். அந்த அமைப்பில் 12.10 என்று தட்டினால் ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி வந்து நிற்கும்.

சுவிஸில் இருந்து வருபவற்றுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். அங்கே 1'250.50 என்று எழுதுவது வழக்கம். தசமம் நம்முடையதைப் போலப் புள்ளிதான். அனுப்பியவரின் நாட்டை மட்டும் நம்பாமல், முதலில் இரண்டு குறிகளும் சேர்ந்து வரும் ஓர் எண்ணைத் தாளில் தேடிப் பிடியுங்கள். அதில் கடைசியாக நிற்பதே தசமக்குறி.